ஏலச்சீட்டு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஒரு சீட்டு நிறுவனத்தில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். வேலையை விட்ட பிறகும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், பழைய வாடிக்கையாளர்கள் என்று யாராவது ஒருவர் சீட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது தமிழ்நாட்டில் நடக்கும் ஏலச்சீட்டைப் பற்றியது. குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

சீட்டு கட்டுறது சேமிப்பா, கடனா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும்தான். எது என்பது நீங்கள் எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இருபது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் 1,00,000 சேரும். அதை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வார். இருபது மாதத்தில் எல்லோரும் ஒருமுறை எடுத்திருப்பார்கள். இரண்டாம் மாதம் எடுத்தவர் மற்றவர்கள் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மீதி மாதங்களில் திருப்பிக் கட்டுகிறார், அது கடன். இருபதாம் மாதம் எடுப்பவர் அதுவரை கொடுத்துக்கொண்டே இருந்து கடைசியில் வாங்குகிறார், அது சேமிப்பு.

நடுவில் எடுப்பவர் பாதிக் காலம் கடன் கொடுத்தவர், பாதிக் காலம் கடன் வாங்கியவர். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஏலத்துல என்னதான் ஏலம் போகுது? தள்ளு, கழிவு, கசர்னு பேசிக்கிறாங்க, ஒண்ணும் புரியல.

ஏலம் போவது அந்த மாதப் பணம். யாருக்கு அவசரமோ அவர் "எனக்கு முழு லட்சம் வேண்டாம், இவ்வளவு குறைத்துக் கொடுங்கள்" என்கிறார். அந்தக் குறைப்புதான் தள்ளு. அதிகமாகத் தள்ளுபவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் போக மிச்சத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். ஊருக்கு ஊர் இதைக் கழிவு, கசர், டிவிடெண்ட் என்று சொல்வார்கள். அது கையில் காசாக வராது. உங்கள் மாதத் தவணையில் கழித்துக்கொள்வார்கள்.

மேலே சொன்ன சீட்டையே எடுத்துக்கொள்வோம். கமிஷன் 5 சதவீதம், அதாவது மாதம் 5,000. இரண்டாம் மாதம் ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார். அவருக்கு 70,000. தள்ளிய 30,000-இல் கமிஷன் 5,000 போக 25,000 மிச்சம், இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,250. ஆக அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 5,000 அல்ல, 3,750. இருபது பேரும் கட்டிய 75,000-இல் எடுத்தவருக்கு 70,000, நடத்துபவருக்கு 5,000. கணக்கு நேராகிவிடும்.

கமிஷனின் உச்சவரம்பு 2019 வரை 5 சதவீதம். அந்த ஆண்டு வந்த திருத்தத்தில் 7 ஆக்கினார்கள். சேரும் முன் எத்தனை சதவீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் உண்டு, அது பெரும்பாலும் எடுப்பவர் தலையில்தான் விழும்.

முதல் மாசச் சீட்டை கம்பெனியே எடுத்துக்கறாங்களே, இது ஏமாத்து வேலை இல்லையா?

இல்லை. சட்டமே நடத்துபவருக்குக் கொடுத்த உரிமை அது. முதல் தவணையை அவர் தள்ளு இல்லாமல் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவரும் ஒரு சீட்டுக்குச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், மற்றவர்களைப் போல எல்லா மாதமும் கட்ட வேண்டும். தெருவில் நடக்கும் சீட்டுகளில் கமிஷனே இல்லாமல் "முதல் சீட்டு எனக்கு" என்று மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு.

முதல்ல எடுத்தா லாபமா, கடைசியில எடுத்தா லாபமா? என் மாமா ஒண்ணு சொல்றார், என் மாமியார் ஒண்ணு சொல்றாங்க.

அதே சீட்டை இருபது மாதமும் ஓட்டிப் பார்ப்போம். முதல் மாதம் முழு 5,000. 2 முதல் 6 வரை எல்லோருக்கும் பணமுடை, 30,000 வரை தள்ளுகிறார்கள். 7 முதல் 10 வரை தள்ளு 24,000. 11 முதல் 14 வரை 18,000. அடுத்த மூன்று மாதம் 12,000, அதன்பின் இரண்டு மாதம் 8,000. கடைசி ஆளுக்குப் போட்டியே கிடையாது, கமிஷன் 5,000 மட்டும் போய் 95,000 கிடைக்கும். கழிவையெல்லாம் கூட்டினால் ஆளுக்கு 14,000 வருகிறது. ஆக எல்லோரும் கட்டுவது ஆளுக்கு 86,000.

கடைசி ஆள் 86,000 கட்டி 95,000 வாங்குகிறார். 9,000-தானே என்று நினைக்க வேண்டாம். பணம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்பதைக் கணக்கில் எடுத்தால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல், வருடத்துக்குச் சுமார் 13 சதவீதம். இரண்டாம் மாதம் எடுத்தவர் கதை வேறு. அதுவரை 8,750 கட்டியவர் 70,000 வாங்கினார். ஆக அவர் கைக்கு வந்த கடன் 61,250. மீதிப் பதினெட்டு மாதத்தில் 77,250 கட்டுவார். அது மாதம் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான வட்டி. ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் 15-ஆம் மாதம் எடுத்தவர்தான் போட்டதை விடக் கொஞ்சம் கூடுதலாக, 88,000, வாங்கிய முதல் ஆள். நடத்துபவரைச் சேர்க்கவில்லை.

யாருக்கு லாபம் என்பது உங்களுக்கு அந்தப் பணம் வெளியில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. கந்துவட்டிக்கு வாங்க இருந்தவருக்கு இரண்டரை ரூபாய் வட்டி மலிவு. நகையை வங்கியில் வைத்துப் பணம் புரட்ட முடிகிறவர் சீட்டை 30,000 தள்ளி எடுப்பது வீண். மாமாவும் மாமியாரும் சொல்வது அவரவர் நிலைமைக்குச் சரியாக இருக்கலாம்.

நாலு பேர் ஒரே தள்ளுக்கு நின்னா யாருக்குக் கொடுப்பாங்க?

தள்ளுக்கு ஒரு உச்சவரம்பு ஒப்பந்தத்திலேயே இருக்கும். 30 அல்லது 40 சதவீதம் என்று பார்த்திருப்பீர்கள். அந்த உச்சத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தயார் என்றால் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அதனால் "மூணாவது மாசம் எடுத்துடலாம், காலேஜ் பீஸ் கட்டிடலாம்" என்று தேதி வைத்துக்கொண்டு சேராதீர்கள். குலுக்கலில் உங்கள் பெயர் வராமலே போகலாம்.

நான் பத்து மாசமா கட்டியிருக்கேன். அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?

எங்கேயும் இல்லை. பெட்டியிலும் இல்லை, வங்கியிலும் இல்லை. மாதா மாதம் சேர்ந்தது மாதா மாதம் போய்விட்டது. சீட்டின் ஆபத்தெல்லாம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் கணக்கில் பத்தாவது மாத முடிவில் ஒவ்வொருவரும் 39,950 கட்டியிருப்பார்கள். பத்துப் பேர் எடுத்துவிட்டார்கள், பத்துப் பேர் எடுக்கவில்லை. எடுக்காத பத்துப் பேர் போட்டது 3,99,500. அது எடுத்த பத்துப் பேரின் வீட்டுக் கூரையாகவும், கல்யாணச் செலவாகவும், கடைச் சரக்காகவும் மாறிவிட்டது. எடுக்காதவருக்கு இருப்பதெல்லாம், எடுத்தவர்கள் இனி கட்டப் போகும் தவணைகள்தான்.

வங்கியில் போட்டால் வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது என்று நீங்கள் கவலைப்படுவதில்லை. சீட்டில் நீங்கள் கடன் கொடுத்திருப்பது அந்த ஏலத்தில் உங்களுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு. உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பது சீட்டு நடத்துபவர் ஒருவர் மட்டுமே.

எடுத்தவர் கட்டாம ஓடிட்டா எனக்கு என்ன? அது கம்பெனி பாடு இல்லையா?

சட்டப்படி கம்பெனி பாடுதான். உறுப்பினர் கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஏலம் எடுத்தவருக்குப் பணம் கொடுக்க நடத்துபவர் கடமைப்பட்டவர். கமிஷன் வாங்குவது ஏலம் விடுவதற்கு மட்டுமல்ல, இந்தப் பொறுப்புக்கும் சேர்த்துத்தான். ஆனால் அந்தக் கமிஷன் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்.

நம் சீட்டில் முதல் மாதம் கமிஷன் இல்லை, மீதிப் பத்தொன்பது மாதத்துக்கும் சேர்த்து 95,000. எட்டாம் மாதத்துக்குப் பிறகு, ஏற்கெனவே எடுத்த இரண்டு பேர் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். மீதிப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது கழிவு போக 54,150. இரண்டு பேருக்கு 1,08,300. முழுச் சீட்டுக்குமான கமிஷன் அங்கேயே போய்விட்டது, மேலே பதின்மூன்றாயிரத்துக்கு மேல் கைப்பணம் வேண்டும். இத்தனைக்கும் இருபதில் இரண்டு பேர்தான்.

ஆகவே கெட்டிக்கார நடத்துபவர் ஏலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படமாட்டார். யாரைச் சேர்க்கிறோம், எடுக்கும்போது என்ன ஜாமீன் வாங்குகிறோம் என்பதுதான் அவருடைய தொழில். நான் வேலை பார்த்த இடத்தில் வசூல் பையன்கள் மாலையில் வந்து சொல்லும் செய்திகளுக்குக் கணக்குப் புத்தகத்தை விட மதிப்பு அதிகம். "அந்த அண்ணன் கடையை ரெண்டு நாளா திறக்கல சார்" என்பது அங்கே பெரிய செய்தி.

ஏலம் எடுத்து மூணு வாரம் ஆச்சு, பணம் தரல. ஜாமீன் கொண்டா, சம்பளச் சான்று கொண்டான்னு இழுக்கறாங்க.

ஜாமீன் கேட்பது சரியே. நீங்கள் எரிச்சல்படும் அந்தக் கெடுபிடிதான், எடுக்காமல் இருந்தபோது உங்கள் பணத்தைக் காப்பாற்றியது. மீதித் தவணைக்கு ஈடாக அரசு ஊழியர் அல்லது நிலையான சம்பளக்காரர் கையெழுத்து, வைப்புத்தொகை ரசீது, காப்பீட்டுப் பத்திரம், சொத்துப் பத்திரம் என்று ஏதாவது கேட்பார்கள். என்னென்ன ஏற்பார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். எடுத்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

ஜாமீன் சரியாகக் கொடுத்த பிறகும் இழுத்தால் அது வேறு விஷயம். போதுமான ஜாமீன் கொடுத்தால் அவர்கள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் பக்கத் தாமதத்தால் கொடுக்க முடியவில்லை என்றால்கூட, அடுத்த தவணைக்குள் அந்தத் தொகையை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். "எந்த வங்கியில் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே நிலைமை தெரிந்துவிடும்.

பதிவு பண்ண சீட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? போர்டுல எழுதியிருந்தா போதுமா?

போதாது. கம்பெனி பதிவாகியிருப்பது ஒன்று, நீங்கள் சேரும் சீட்டுக் குழு பதிவாகியிருப்பது இன்னொன்று. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும், ஒப்பந்தத்தைச் சீட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்று உறுதி கொடுத்த பிறகுதான் தொடக்கச் சான்றிதழ் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் ஏலம்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: உங்கள் குழுவின் தொடக்கச் சான்றிதழ் எண், சீட்டு ஒப்பந்தத்தின் நகல். நகல் கொடுப்பது அவர்கள் கடமை. எண்ணை வைத்துக்கொண்டு பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அரை நாள் வேலை. இதற்கு ரிசர்வ் வங்கியைக் கேட்டுப் பயனில்லை, சீட்டைக் கண்காணிப்பது மாநில அரசு. விளம்பரத்தில் ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்ற சீட்டு என்று யாராவது போட்டிருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடலாம்.

பதிவு பண்ணியாச்சுன்னா பயமே இல்லைதானே?

பயம் குறையும், போகாது. குழு தொடங்கும் முன் நடத்துபவர் பதிவாளர் பெயரில் ஈடு கட்ட வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் சீட்டுத் தொகைக்குச் சமமான தொகை. நம் சீட்டுக்கு அது 1,00,000. பத்தாவது மாதம் எடுக்காதவர்கள் போட்டிருந்தது எவ்வளவு என்று மேலே பார்த்தோமே, ஏறக்குறைய 4,00,000. கம்பெனி அன்று கவிழ்ந்தால் அந்த ஈடு நான்கில் ஒரு பங்குக்குத்தான் காணும். மீதி, எடுத்தவர்களிடமிருந்து வசூலானால் உண்டு.

பதிவால் கிடைக்கும் பெரிய நன்மை வேறு. யார் எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தார் என்ற நடவடிக்கைக் குறிப்பு பதிவாளரிடம் போகிறது. தகராறு வந்தால் சிவில் நீதிமன்றத்துக்கு அலையாமல் பதிவாளரிடமே நடுவர் தீர்ப்பு கேட்கலாம். உங்கள் பெயரும் நீங்கள் கட்டியதும் ஒரு அரசு அலுவலகத்தில் காகிதமாக இருக்கிறது.

எங்க தெரு அக்கா பதினஞ்சு வருஷமா சீட்டு பிடிக்கறாங்க. பதிவெல்லாம் கிடையாது, ஆனா ஒரு ரூபா ஏமாத்தினதில்ல. சேரலாமா?

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவில்லாமல் சீட்டு நடத்துவது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. தனி ஆள் ஒருவர் பதிவு செய்தே நடத்தினாலும், ஒரே நேரத்தில் அவருடைய சீட்டுகளின் மொத்தத் தொகை 3,00,000-ஐத் தாண்டக் கூடாது. 2019-க்கு முன்பு அது 1,00,000-ஆக இருந்தது. சேர்பவருக்குத் தண்டனை வராது, ஆனால் சட்டத்தின் கைப்பிடியும் கிடைக்காது.

அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம், நான் சந்தேகப்படவில்லை. தெருச் சீட்டுகள் பல வருடம் நன்றாக ஓடுவதற்குக் காரணம், எடுத்தவர் வீடும் வசூலிப்பவர் வீடும் பத்தடி தூரத்தில் இருப்பது. முகம் பார்க்க வேண்டுமே என்ற கூச்சம்தான் அங்கே ஜாமீன். சிக்கல் எப்போது வருகிறது என்றால், நல்ல பெயரால் ஆட்கள் பெருகி, ஒரு சீட்டு ஐந்தாகி, அக்காவுக்கே முகம் தெரியாதவர்கள் சேரும்போது. பதினைந்து வருட நல்ல பெயர் இருபது பேர் சீட்டுக்குச் சாட்சி, நூறு பேர் சீட்டுக்குச் சாட்சியல்ல.

என் சித்தி இப்படி ஒரு சீட்டில் கடைசி ஆளாக இருந்தார். நடத்திய அம்மா திருடியதில்லை. எடுத்த மூன்று பேர் கட்டவில்லை, அதைச் சமாளிக்கப் புதுச் சீட்டு தொடங்கினார், அதன் பணத்தைப் பழைய சீட்டுக்குக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் வீட்டில் பூட்டு. சித்திக்கு இன்னும் அந்த அம்மா மேல் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். அப்படியும் சேருவதென்றால், மொத்தமாகப் போனாலும் குடும்பம் ஆட்டம் காணாத தொகைக்குச் சேருங்கள். கடைசி வரை காத்திருக்காதீர்கள்.

எனக்கு வேலை போயிடுச்சு. இன்னும் எடுக்கல, மேல கட்டவும் முடியல. போட்டது போச்சா?

போகாது, ஆனால் உடனே வராது. எடுக்காதவர் நின்றால் நோட்டீஸ் கொடுத்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்க்கலாம். கட்டிய பணத்தை ஒப்பந்தப்படி பிடித்தம் போகத் திருப்பித் தருவார்கள். கழிவின் பலன் போய்விடலாம். மாற்று ஆள் கிடைக்காவிட்டால் சீட்டு முடியும் வரைகூடக் காத்திருக்க நேரலாம். சும்மா நின்றுவிடாமல், எழுத்தில் தெரிவித்துவிட்டு நீங்களே ஒரு மாற்று ஆளைக் கூட்டி வருவதுதான் வேகமான வழி.

எடுத்த பிறகு நின்றால் நிலைமை தலைகீழ். மீதித் தவணை முழுவதையும் ஒரே தடவையில் கட்டு என்று நோட்டீஸ் வரும், கழிவு கிடைக்காது, ஜாமீன்தாரர் வீட்டுக்கும் கடிதம் போகும்.

ஆபீஸ்ல ஒரு நண்பர் சீட்டு எடுக்க ஜாமீன் கையெழுத்து கேக்கறார். சும்மா ஃபார்மாலிட்டிதானேங்கறார்.

ஃபார்மாலிட்டி இல்லை. அவர் நின்றால் மீதி முழுவதும் உங்கள் கடன், சம்பளத்தில் பிடிக்கும் வரை போகும். எத்தனை மாதம் பாக்கி என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் மாதம் எடுப்பவருக்குப் போடும் கையெழுத்து 77,000-க்கு மேலான கையெழுத்து. பதினேழாம் மாதம் எடுப்பவருக்கு அது 15,000-க்குள் முடிந்துவிடும். உறவு கெடாமல் முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும்.

ஒரு சீட்டு கவிழப் போகுதுன்னு முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். முதலில் காட்டிக்கொடுப்பது பட்டுவாடா. ஏலம் தேதி தவறாமல் நடக்கும், கழிவும் கணக்காக வரும், எடுத்தவருக்குப் பணம் மட்டும் ஒரு வாரம், பிறகு மூன்று வாரம், பிறகு இரண்டு தவணையாக என்று தள்ளிப் போகும். ஜாமீன் கொடுத்தவர்களுக்கும் இப்படி ஆனால் கையில் பணமில்லை என்று அர்த்தம். சீட்டு எடுத்த மற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். ஏலத்துக்கு நேரில் போவதன் பெரிய பயனே இந்தப் பேச்சுதான்.

அடுத்தது யாரும் பார்த்திராத உறுப்பினர்கள். தொடர்ந்து மூன்று நான்கு மாதம் எடுத்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், நடத்துபவரே வேறு பெயர்களில் சேர்ந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். அது உங்கள் சீட்டை வைத்து அவர் கடன் வாங்குவதுதான். ஆரம்ப மாதங்களில் அவருக்குப் பணம் வேண்டும், அதனால் தள்ளும் உச்சத்திலேயே நிற்கும். உங்களுக்குக் கழிவு அதிகமாக வருவதால் சந்தோஷமாகவும் இருக்கும்.

மூன்றாவது, சம்பந்தமில்லாத வேகத்தில் புதுக் குழுக்கள். பழைய குழுவில் பணம் தள்ளிப் போகும்போதே புதுக் குழுவுக்கு ஆள் பிடிக்கப் பரிசு, வெள்ளிக் காசு என்று வந்தால் என் சித்தி கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு எடுத்தேன். "பணத்தை எங்ககிட்டயே போட்டு வைங்க, நல்ல வட்டி தர்றோம், தவணைக்கும் கழிச்சுக்கலாம்"ங்கறாங்க. வசதியாத்தானே இருக்கு?

வேண்டாம். சீட்டு நடத்துபவர் சீட்டைத் தவிர வேறு தொழில் செய்யக் கூடாது, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கக் கூடாது. அந்தப் பணம் சீட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடும். பதிவாளரிடம் உள்ள ஈடும் அதற்குக் கிடையாது. கொடுக்கப் பணமில்லாத இடத்தில்தான் இந்தப் பேச்சு முதலில் எழும். ஏலம் எடுத்தவருக்குக் காசோலைக்குப் பதிலாக ரசீது கொடுத்து அனுப்பும் வழி அது.

தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு எல்லாம் இதேதானா? அந்த சாரதா ஊழலும் சீட்டுதானாமே?

பெயர்தான் ஒன்று. தீபாவளிச் சீட்டில் ஏலமும் இல்லை, மாதம் ஒருவர் எடுப்பதும் இல்லை. வருடம் முழுக்க வசூலித்து ஒருவர் கையில் வைத்திருந்து கடைசியில் பொருளாகவோ பணமாகவோ தருகிறார். ஏலச்சீட்டில் பணம் ஓரிடத்தில் தேங்காது என்று பார்த்தோம், இங்கே மொத்தமும் தேங்குகிறது. அதனால் ஓடிப் போவதற்கு ஐப்பசி மாதம்தான் வசதி. நகைச் சீட்டு என்பது கடைக்கு நீங்கள் கொடுக்கும் முன்பணம். அது பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு முடிவதற்குக் காரணம், ஒரு வருடத்தைத் தாண்டினால் அது சட்டப்படி வைப்புத்தொகை ஆகிவிடும் என்பதே. குலுக்கல் சீட்டில் தள்ளு இருக்காது. எல்லோருக்கும் ஒரே தொகை, யாருக்கு முன்னால் என்பது அதிர்ஷ்டம். ஆபத்து ஏலச்சீட்டில் சொன்னதேதான்.

2013-இல் மேற்கு வங்கத்தில் கவிழ்ந்த சாரதாவைப் பத்திரிகைகள் சிட் ஃபண்ட் ஊழல் என்றே எழுதின. அங்கே ஏலமும் இல்லை, சுழற்சியும் இல்லை. பெரிய லாபம் தருவதாகச் சொல்லி மக்களிடம் திரட்டிய பணம் அது. அந்தப் பெயரால் ஒழுங்காக நடந்த சீட்டு நிறுவனங்களிலும் அந்த வருடம் ஆட்கள் விலகினார்கள்.

சீட்டு நின்னுபோச்சு, நடத்தினவர் போனை எடுக்கல. இப்ப யார்கிட்ட போகணும்?

பதிவான சீட்டு என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில், சீட்டுப் பதிவாளரிடம் நடுவர் தீர்ப்புக்கு மனு கொடுங்கள். பொதுவாக மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். எல்லோரும் சேர்ந்து போனால் பதிவாளர் பெயரிலுள்ள ஈட்டையும் எடுத்தவர்களின் பாக்கியையும் ஒன்றாகப் பார்க்க முடியும்.

பதிவில்லாத சீட்டு என்றால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார்தான். பெரிய தொகை, நிறையப் பேர் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகும். அங்கே முதலில் கேட்பது ஆதாரம். சீட்டு அட்டை, கையெழுத்துப் போட்ட நோட்டு, வங்கி வழியே அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் குழுவில் மாதா மாதம் வந்த தள்ளுத் தொகை அறிவிப்பு எல்லாவற்றையும் அன்றைக்கே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழுவை நடத்தியவர் முதலில் செய்வது அந்தச் செய்திகளை அழிப்பதுதான்.